மெரால்ஜியா பாரஸ்தெடிகாவுக்குத் தமிழ்ச் சொல்

சுமதி:
நோயாளிகளுக்கான கையேட்டில் இந்தப் பெயர் வருகிறது. தொடையின் வெளிப்பக்கம் எரியும், மரத்தும் போகும். 'புறத்தொடை வாதம்' என்று போடலாமா?

கதிர்:
பொருத்தமாகத்தான் இருக்கிறது. முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தி காலுக்கு இறங்கும் வலிதானே இது?

மீனாட்சி:
கதிர் சொல்வதில் பாதி சரி, நரம்பு அழுந்துவதுதான் காரணம். ஆனால் அழுந்தும் இடம் பெரும்பாலும் முதுகு இல்லை, இடுப்பு. இடுப்பெலும்பின் முன்முனையைத் தொட்டுப் பாருங்கள். அதற்குச் சற்று உட்பக்கமாக, கவட்டையில் இருக்கும் தசைநாருக்கு அடியில் அந்த நரம்பு தொடைக்கு இறங்குகிறது. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்தால் வயிறு பெல்ட்டைக் கீழே தள்ளி அங்கேதான் அழுத்தும்.

'வாதம்' வேண்டவே வேண்டாம். இது தோலின் உணர்வை மட்டும் சுமக்கும் நரம்பு, எந்தத் தசையையும் இயக்குவதில்லை. அதனால் காலின் பலம் குறையாது, முழங்காலில் தட்டினால் கால் வழக்கம்போல் உதறும். வாதம் என்று படித்தவுடன் கால் விழுந்துவிடுமோ என்று பயந்துபோவார்கள்.

தங்கராசு:
எனக்கு இது இருந்தது. கருவிகள் மாட்டிய கனமான பெல்ட்டோடு வேலை பார்க்கிறவன் நான். இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கிள்ளினால் தெரியாது, ஆனால் பேண்ட் துணி உரசினால் நெருப்பாக எரியும். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் மருத்துவர் தட்டியதும் அந்த இடம் முழுக்கச் சுரீர் என்றது. தோளில் மாட்டும் பட்டைக்கு மாறினேன். சில வாரத்தில் எரிச்சல் போய்விட்டது, மரத்த இடம் மட்டும் கொஞ்சம் மிச்சம். தைலம் தேய்த்தால் போகுமா?

மீனாட்சி:
தைலம் அழுத்தத்தை எடுக்காது. எரிச்சல் முன்னே அடங்கும், மரப்பு பின்னே மெல்ல விலகும். பலருக்குச் சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகும். எரிச்சல் விடாதவர்களுக்கு நரம்பு வலிக்கான மாத்திரையோ அந்த இடத்தில் ஊசியோ உண்டு, அறுவை அரிதாகத்தான் தேவைப்படும். ஆனால் கால் பலமிழந்தாலோ, மரப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அது வேறு நோய். உடனே காட்ட வேண்டும். சுமதி, கையேட்டில் இதை அவசியம் சேருங்கள்.

சுமதி:
சேர்க்கிறேன். அப்புறம், 'புறத்தொடை நரம்பு நெரிவு' எப்படி?

கதிர்:
காரணம் பெயரிலேயே தெரிகிறது. பெல்ட்டைத் தளர்த்தத் தோன்றும்.

மீனாட்சி:
அழுத்தம் இல்லாமல் சர்க்கரை நோயால் அதே நரம்பு கெட்டாலும் இதே பெயர்தான். அங்கே 'நெரிவு' பொய்யாகிவிடும். 'புறத்தொடை எரிமரப்பு' என்றால் நோயாளி உணர்வதை மட்டும் சொல்கிறது.

தங்கராசு:
எனக்கு இப்போது எரிச்சல் இல்லை, மரப்பு மட்டும்தான். அதை என்னவென்று சொல்வது?

சுமதி:
நல்ல கேள்வி ஐயா. இப்போதைக்கு 'எரிமரப்பு' என்றே எழுதி, மூலப்பெயரையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் வைக்கிறேன். வேறு சொல் தோன்றினால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.