கலைச்சொல்: ‘நிறத் தணிப்பு’ சரியா?

கும்பகோணத்திலிருந்து:
வணக்கம். முறைப்பாசனச் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம். மேட்டூர் நீர்மட்டம், கல்லணையில் திறக்கும் கனஅடி எல்லாம் அதில் வரும். விடியுமுன் மடை திறக்கப் போகிறவர்கள் இருட்டில்தான் பார்ப்பார்கள். இருள்நிலையில் எழுத்து கண்ணைக் கூசாமலும் மங்காமலும் இருக்க நிறங்களை மாற்றியமைப்பதற்குச் சொல் தேவை. ‘நிறத் தணிப்பு’ பொருந்துமா?

மன்னார்குடி:
இருப்பதைத் தலைகீழாக்கினால் முடிந்ததே! ‘நிறத் திருப்பம்’ போதும். `filter: invert(1)`, ஒரே வரி.

தஞ்சாவூர்:
படிக்க முடியும் என்பது சரிதான் ஐயா. ஆனால் பயிர்நோய்ப் படங்களும் சேர்ந்து திரும்பும். மஞ்சளான இலை நீலமாகத் தெரியும். வெள்ளைப் பின்னணி முழுக் கறுப்பாகிவிடும். முழுக் கறுப்பில் முழு வெள்ளை எழுத்து என்றால் ஒளி வேறுபாட்டு விகிதம் 21:1. கண்ணாடியில் சிலிண்டர் பவர் உள்ள பலருக்கு அந்த எழுத்தின் ஓரம் கசியும். தமிழில் முதலில் அடிபடுவது சுழிகள்தான். சின்ன எழுத்தில் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோலாகும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். `#121212` மேல் `#E0E0E0` வைத்தால் சுமார் 14:1. வலை அணுகல் நெறி கேட்கும் 4.5:1-ஐ விட நிறையவே மிச்சம்.

ஆனால் ‘தணிப்பு’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. ‘நீர் திறப்பு’ என்பதை `#1B5E20` பச்சையில் எழுதியிருந்தால் வெள்ளையில் 7.9:1, அருமை. அதையே `#121212` மேல் வைத்தால் 2.4:1, வாசிக்கவே முடியாது. அதை வெளிறச் செய்ய வேண்டும். `#81C784` என்றால் 9.3:1. வெள்ளையை இறக்குகிறோம், பச்சையை ஏற்றுகிறோம். அதனால் ‘நிற இசைவாக்கம்’ என்பேன்.

```css
@media (prefers-color-scheme: dark) {
  :root { --bg: #121212; --text: #E0E0E0; --open: #81C784; }
}
```

திருவாரூர்:
என் போனில் ராத்திரியானால் திரை மஞ்சளடிக்கிறது. அதைத்தானே சொல்கிறீர்கள்? அதற்கு ‘இரவொளி’ என்றே வைக்கலாம்.

தஞ்சாவூர்:
அது வேறு அம்மா. அது திரை முழுவதன் நீலத்தையும் குறைக்கிறது. வெள்ளைப் பின்னணி மஞ்சளாகுமே தவிர இருளாகாது. நாம் எழுத்தையும் பின்னணியையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கிறோம்.

கும்பகோணம்:
பச்சை விஷயம் புரிந்தது, ‘தணிப்பை’ விட்டுவிடுகிறேன். ஆனால் அமைப்புகள் பக்கத்தில் ‘இருள்நிலை நிற இசைவா…’ என்று அறுந்துவிடுகிறது. ‘நிற இசைவு’ என்று சுருக்கலாமா?

மன்னார்குடி:
இருப்பிட அனுமதிப் பெட்டியில் ‘இசைவு’ என்றுதானே போட்டிருக்கிறீர்கள்? இதையும் சம்மதம் என்றே படிப்பார்கள். ‘நிறப் பதம்’ வையுங்கள். உழவுக்கு முன் பதம் பார்க்காதவர் இங்கே யார்?

தஞ்சாவூர்:
திரைக்கு நல்ல சொல்தான். ஆவணத்தில் ‘பதம்’ வந்தால் நிரலாளர்கள் ‘சொல்’ என்று எடுத்துக்கொள்வார்களே என்று தயங்குகிறேன். ஆவணத்துக்கு ‘நிற இசைவாக்கம்’, திரைக்கு ‘நிறப் பதம்’ என்று இரண்டு வைத்தால் உதவிப் பக்கத்தில் எதை எழுதுவது?

கும்பகோணம்:
இப்போதைக்குத் திரையில் மட்டும் ‘நிறப் பதம்’ போட்டு, நாலு விவசாயிகளிடம் காட்டிக் கேட்கிறேன். உதவிப் பக்கத்தை அதுவரை தொடவில்லை.