‘ஆன்டிஜெனிக் டிரிஃப்ட்’: நகர்வா, பெயர்ச்சியா, நழுவலா?

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். இன்ஃப்ளுயன்சா தடுப்பூசி பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வைரஸின் மேற்பரப்பு சிறிது சிறிதாக மாறி, நம் நோயெதிர்ப்புக்கு அடையாளம் தெரியாமல் போவதைக் குறிக்கும் ‘ஆன்டிஜெனிக் டிரிஃப்ட்’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ‘ஜெனிடிக் டிரிஃப்ட்’டை மரபியலில் நகர்வு என்கிறோம். இங்கும் அதையே போடலாமா?

இளங்கோ:
கண்டப் பெயர்ச்சி என்று பள்ளியிலேயே படித்தோமே! ‘ஆன்டிஜென் பெயர்ச்சி’ என்று வையுங்கள். 2009இல் பன்றிக் காய்ச்சல் வைரஸ் மாறி வந்ததும் இதனால்தான்.

சிவநேசன்:
இளங்கோ, மெதுவாக நடப்பது என்ற வரையில் கண்டத்தின் உவமை சரி. ஆனால் 2009 வேறு கதை. ஃப்ளூ வைரஸின் மரபுப் பொருள் எட்டுத் துண்டுகளாக இருக்கும். ஒரே உயிரணுவில் இரண்டு வைரஸ்கள் புகுந்தால் துண்டுகள் கலந்து, ஒரே அடியில் புது வைரஸ் பிறக்கலாம். அது ‘ஷிஃப்ட்’. பெயர்ச்சி என்ற சொல்லை அதற்குத்தான் விட்டுவைக்க வேண்டும்.

டிரிஃப்டில் துண்டுகள் கலப்பதில்லை. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் விழுகின்றன, அவற்றைத் திருத்தும் ஏற்பாடு அதன் நொதிக்கு இல்லை. பெரும்பாலான பிழைகள் வீணாகிவிடும். மேற்பரப்பிலுள்ள ஹீமாகுளூட்டினின் புரதத்தின் தலையில் விழும் ஏதோவொரு பிழையால், வைரஸைப் பிடிக்க நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளுக்குப் பிடி கிடைக்காமல் போகிறது. அந்த வைரஸே ஊரெங்கும் பரவுகிறது. எச்3என்2 என்ற ஃப்ளூ வகையில் 1968 முதல் 2003 வரையான வைரஸ்களை ஆராய்ந்தவர்கள், பெரிய மாற்றங்களுக்கெல்லாம் அந்தத் தலையில் ஏழே இடங்கள்தாம் முதன்மைக் காரணம் என்று கண்டார்கள்.

ஆகவே நகர்வு என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. மரபியல் நகர்வு தற்செயலானது. இங்கே பிழை மட்டுமே தற்செயல். எது பிழைத்து நிற்கிறது என்பதை நம் எதிர்ப்பொருள்களே தீர்மானிக்கின்றன. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டுமா?

பத்மா:
நான் செவிலி. போன வருஷம் ஊசி போட்டு நாலாம் நாளே எனக்குக் காய்ச்சல், இருமல். வைரஸ் மாறிவிட்டதால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குத்தான் பெயர் தேடுகிறீர்களா?

சிவநேசன்:
இல்லை அக்கா. ஊசி வேலை செய்யவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அது ஃப்ளூதானா என்பதே சோதிக்காமல் தெரியாது. ஒருவரின் காய்ச்சலை வைத்து டிரிஃப்டைச் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் ஃபெரெட் என்ற சிறு விலங்குக்குத் தடுப்பூசி வைரஸைத் தொற்றவைத்து, அதன் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள் உள்ள சீரத்தை எடுப்பார்கள். சிவப்பணுக்களை வைரஸ் ஒட்டவைக்கும், சீரம் அதைத் தடுக்கும். சீரத்தைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், எதுவரை தடுக்கிறது என்று பார்ப்பார்கள். தன் சொந்த வைரஸை 1280 மடங்கு நீர்த்தும் தடுத்த சீரம், புது வைரஸை 160 மடங்கு வரைதான் தடுத்தது என்று வையுங்கள். எட்டு மடங்கு சரிவு. அந்த அளவுக்கு இறங்கினால் வைரஸ் விலகிப்போனதாகக் கொள்வார்கள்.

2014இல் அதுவே நடந்தது. உலக சுகாதார நிறுவனம் வடகோளத் தடுப்பூசிக்குரிய வைரஸ்களைப் பிப்ரவரியில் தேர்ந்தது. எச்3என்2க்கு டெக்சாஸ் 2012 வகை. ஊசி தயாரிக்க ஆறு மாதமாவது வேண்டும் என்பதால்தான் அவ்வளவு முன்கூட்டியே தேர்வு. மார்ச் இறுதியில் விலகிய வைரஸ்கள் கண்ணில் படத் தொடங்கின. செப்டம்பரில் தென்கோளத்துக்கு சுவிட்சர்லாந்து 2013 வகையைப் பரிந்துரைத்தார்கள், ஆனால் வடக்கே ஊசி ஏற்கெனவே தயார். அமெரிக்காவில் அந்தப் பருவம் தடுப்பூசியின் பலன் 19 சதவீதமே.

மலர்விழி:
‘பிடி கிடைக்காமல்’ என்று எழுதினீர்களே, அங்கேயே சொல் கிடைத்துவிட்டது. ‘ஆன்டிஜென் நழுவல்’. எதிர்ப்பொருளின் பிடியிலிருந்து சிறிது சிறிதாக நழுவுவது. மரபியல் நகர்வோடும் மோதாது.

இளங்கோ:
2009 பற்றி நான் சொன்னது பிழை, ஒப்புக்கொள்கிறேன். நழுவல் நன்றாக இருக்கிறது. ஆனால் நழுவுவது கணத்தில் முடிகிற காரியம். கையிலிருந்து பாத்திரம் நழுவியது என்கிறோம். ஆண்டுக்கணக்கில் நடப்பது அதில் தெரியவில்லையே?

சிவநேசன்:
எனக்கு இன்னொரு தடை. ‘எஸ்கேப்’ என்றும் ஒரு கலைச்சொல் உண்டு. எதிர்ப்பொருளுக்குத் தப்பும் ஒற்றை மாற்றத்தை அப்படிச் சொல்வார்கள். நழுவலை இங்கே செலவழித்தால் அதற்கு என்ன மிஞ்சும்?

மலர்விழி:
அதற்குத் ‘தப்பல்’. பல தப்பல்கள் சேர்ந்து நழுவல்.

பத்மா:
நழுவல் என்றால் ஊசி போட வருகிறவர்களுக்குப் புரியும். ‘போன வருஷ ஊசியின் பிடியிலிருந்து வைரஸ் நழுவிடுச்சு, அதான் இந்த வருஷம் புது ஊசி’ என்று வாயில் வருகிறது. நகர்வு என்றால் வைரஸ் எங்கே நகர்ந்தது என்று கேட்பார்கள்.

சிவநேசன்:
கையேட்டுக்கு ஏற்கிறேன். பாடநூலுக்கு இன்னும் இல்லை. வைரஸ்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதை வரைபடத்தில் புள்ளிகளுக்கிடையிலான தூரமாகக் குறிக்கும்போது ‘எவ்வளவு நழுவியது’ என்று அளவு சொல்லி எழுதிப் பாருங்கள். ‘எவ்வளவு விலகியது’ என்றுதான் என் கை எழுதுகிறது.