கலைச்சொல் வேண்டும்: கணினி உருவாக்கிய அறைகளின் அளவுச் சோதனைக்கு

தேன்மொழி, மாரத்தஹள்ளி

வணக்கம். அறைகளைத் தானே வடிவமைக்கும் ஒரு மென்பொருளின் தமிழ் இடைமுகத்தில் `scale_plausibility` என்ற சரத்தில் வந்து நிற்கிறோம். உருவான அறையின் கூரை உயரமும் கதவும் மேசை நாற்காலியும் மனிதர் புழங்கும்படி இருக்கின்றனவா என்று பார்த்துப் பச்சையோ சிவப்போ காட்டுவதுதான் அந்தச் சோதனையின் வேலை. "அளவு நம்பகத்தன்மைச் சோதனை" என்று போட்டால் பொத்தானில் அடங்கவில்லை. இரண்டு சொல்லுக்குள் ஏதாவது சொல்லுங்களேன்.

ரமணன், வைட்ஃபீல்டு

"விகிதச் சோதனை" போதும். கதவு 2.1 மீட்டர், கூரை 2.75 மீட்டர் என்றால் விகிதம் 0.76. நாற்காலி இருக்கை 45 செ.மீ., மேசை 75 செ.மீ. என்றால் 0.6. இவை சரியாக வந்தால் அறையும் சரி. ஒரே படத்திலிருந்து உருவாக்கிய அறையில் மீட்டர் என்பதே ஊகம்தான். ஊகத்தை அளந்து என்ன கிடைக்கப்போகிறது?

கோமதி, ஜெயநகர்

ரமணன் சொல்வதில் பாதி சரி. ஒரே படத்திலிருந்து வரும் அறைக்கு உண்மை அளவு தெரியாது என்பது உண்மை. ஆனால் விகிதத்தை மட்டும் பார்த்தால் கொலுப்படியில் வைக்கும் பொம்மை வீடும் பச்சை வாங்கிவிடும்.

இரண்டு அறைகளைப் போட்டுப் பார்ப்போம். முதல் அறையில் கூரை 2.37 மீ., கதவு 1.81 மீ., மேசை 64 செ.மீ., இருக்கை 38 செ.மீ., கட்டில் நீளம் 164 செ.மீ. வழக்கமான அளவுகளாக 2.75 மீ., 2.1 மீ., 75, 45, 190 செ.மீ. என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வகுத்தால் 0.86, 0.86, 0.85, 0.84, 0.86 என்று வருகிறது. எல்லாமே ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சுருங்கியிருக்கின்றன. நடு மதிப்பு 0.86. முழு அறையையும் அதால் வகுத்துப் பெரிதாக்கினால் கூரை 2.76, கதவு 2.10, கட்டில் 191 என்று எல்லாம் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ரமணனின் விகிதங்கள் இந்த அறையில் முன்னும் பின்னும் மாறவே இல்லை, கவனியுங்கள்.

இரண்டாவது அறையில் கூரை 2.74, கதவு 2.09, மேசை 74, ஆனால் இருக்கை மட்டும் 58 செ.மீ. இங்கே நடு மதிப்பு 1-ஐ ஒட்டியே நிற்கும். இருக்கைக்கு மட்டும் 1.29 வரும். மேசைக்கும் இருக்கைக்கும் இடையே 27 முதல் 30 செ.மீ. வேண்டிய இடத்தில் 16 செ.மீ.தான் இருக்கிறது. மேசைப் பலகையின் தடிமனையும் கழித்தால் தொடையே நுழையாது. இந்த அறையை மொத்தமாகப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் பயனில்லை. அந்த நாற்காலியை மட்டும்தான் மாற்ற வேண்டும்.

ஆக, கருவி சொல்ல வேண்டியவை இரண்டு: முழு அறையும் தவறா, ஒரு பொருள் தவறா. பெயர் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். என் பரிந்துரை புழங்களவு. புழங்குவதற்கான அளவு, ஊறுகாய் போல வினைத்தொகை.

நடு மதிப்பு எடுக்கும்போது கூரையை மட்டும் நம்பாதீர்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் கேட்கிறது, ஏ.சி. அறைக்கு 2.4 போதும் என்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் 11 அடிக் கூரை சாதாரணம். கதவு உயரம் அவ்வளவு அலையாது, ஆகவே அதற்கு எடை கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஜோசப், இந்திராநகர்

நான் விளையாட்டுகளுக்குக் களம் அமைப்பவன். எங்கள் கதவுகள் 1.3 மீட்டர் அகலம், கூரை 3.2 மீட்டர். கேமரா ஆளுக்குப் பின்னால் மிதந்து வருவதால் இதைவிடக் குறைத்தால் அது சுவரில் முட்டும். இந்தச் சோதனை எங்கள் அறைகளையெல்லாம் சிவப்பாக்கினால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். எனக்கு "இயல்பளவு" என்ற சொல்லே பிடிக்கவில்லை. எது இயல்பு?

கோமதி

"இயல்பளவு" என்று இங்கே யாரும் எழுதவில்லையே, ஜோசப். ஆனாலும் உங்கள் கேள்வி ஒப்பிடும் அட்டவணையைப் பற்றியது. விளையாட்டுக்குக் கதவுக்கும் கூரைக்கும் வேறு எண்களைக் கொடுங்கள். நாற்காலியில் உங்கள் பாத்திரம் உட்காரும் என்றால் இருக்கை உயரத்தை மட்டும் மாற்றாதீர்கள், இடுப்பு அந்தரத்தில் தொங்கும்.

மூர்த்தி, சிவாஜிநகர் *(தச்சு வேலை ஒப்பந்தம்)*

எல்லோரும் கதவு கதவு என்கிறீர்கள், எதை அளக்கிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. சுவரில் விட்ட திறப்பு 90 செ.மீ. என்று வையுங்கள். நிலைக்கட்டை இரண்டு பக்கமும் 6 செ.மீ. போனால் உள்ளே 78. கதவை 90 பாகை திறந்து நிறுத்தினால் பலகையின் தடிமன் இன்னும் மூன்று, மூன்றரை சாப்பிடும். ஆள் நடக்க மிஞ்சுவது 75-க்குள்தான். வெளியே அழகுக்கு அடித்த பட்டியையும் சேர்த்துக் கணினி பெட்டி போட்டு அளந்தால் ஒரு மீட்டர் காட்டும். ஒரே கதவுதான். நாலு எண்.

சொல்லுக்கு நான் "ஆளளவு" என்பேன். பட்டறைப் பையனுக்குக்கூடப் புரியும்.

தேன்மொழி

மூர்த்தி அண்ணன் சொன்னதைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். கருவி அளப்பது அந்த வெளிப்பெட்டியைத்தான், பட்டி உட்பட. உருவாக்குநர்களுக்கு எழுதியிருக்கிறேன்: ஆள் கடக்கும் இடைவெளியைத் தனியாக அளக்கச் சொல்லி.

ரமணன்

பொம்மை வீட்டு வாதத்தை ஏற்கிறேன், விகிதத்தை விட்டுவிடலாம். ஆனால் "புழங்களவு" என்று திரையில் பார்த்தால் எத்தனை பேர் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு என்றுதான் படிப்பார்கள். வட்டில் எவ்வளவு இடம் போயிற்று என்பதற்கும் இதே மாதிரிச் சொல்தான் ஓடுகிறது. "ஆளளவு" மேல்.

கோமதி

ஆளளவு என்றால் ஆள் உயரத்துக்கு என்றுதான் காதில் விழுகிறது. ஆளளவு ஆழம் என்போம். மேசைக்கும் கட்டிலுக்கும் அது எப்படிப் பொருந்தும்?

மூர்த்தி

சொல்லை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: உருவான அறைகளில் 2.4 மீட்டர் கூரை போட்டு அதில் மின்விசிறியும் தொங்குகிறது. கம்பியும் மோட்டாரும் 30 செ.மீ. இறங்கினால் இறக்கை 2.1-இல் சுற்றும். சட்டை கழற்றக் கை தூக்கினால் விரல் போய்விடும். ஏ.சி. அறை என்று கூரைக்குப் பச்சை, விசிறி அளவும் சரி என்று அதற்கும் பச்சை. இதை எப்படி விடலாம்?

கோமதி

இது நான் சொன்ன இரண்டிலும் அடங்காது. அறை மொத்தமும் சரி, ஒவ்வொரு பொருளும் தனியே சரி, இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் தவறு. விசிறி இருந்தால் தரையிலிருந்து இறக்கைக்கு உள்ள உயரத்தைத் தனியாக அளந்து சிவப்பு காட்ட வேண்டும். கதவு விரியும் வழியில் கட்டில் நிற்பதும் இதே வகைதான்.

தேன்மொழி

அப்படியானால் அறிக்கையில் மூன்று வரி வரும். முதல் இரண்டுக்கு "முழுப்பிழை", "தனிப்பிழை" என்று போட்டுவிட்டேன். மூன்றாவதற்கு "இடைப்பிழை" சரியா, "சேர்க்கைப்பிழை" சரியா? பொத்தானில் இப்போதைக்குப் புழங்களவு இருக்கிறது. ரமணனின் மறுப்பையும் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். வெள்ளிக்குள் சரங்களை அனுப்ப வேண்டும்.