காப்புரிமை நாலு இருக்கு, ரெஸ்யூமில் எப்படிப் போடுவது?

பூன் லே, புதுசு: வணக்கம். சென்னையில் ஒரு பெயிண்ட் கம்பெனி ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தேன். இங்கே சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் கோட்டிங் ஆர் அண்ட் டி வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். துருத்தடுப்புப் பூச்சுக்கு இந்தியாவில் கிடைத்த காப்புரிமை ஒன்று, WO எண் ஒன்று, அமெரிக்க A1 ஒன்று. இன்னொன்று பத்து மாதம் முன்பு சென்னையில் தாக்கல் செய்தது. கட்டுரை இரண்டு. "காப்புரிமைகள்: 4" என்று போடலாமா? லேப் நோட்டில் உள்ளதையும் எழுதலாமா?

செங்காங் தம்பி: WO என்றால் உலகக் காப்புரிமை அண்ணா. அதை முதலில் போடுங்க.

கிளெமென்டி, கெமிஸ்ட்: தம்பி, உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. WO என்பது விண்ணப்பம் வெளியானதற்கான எண்தான், உரிமை தருவது அந்தந்த நாடு. அமெரிக்க A1-உம் வெளியான விண்ணப்பமே. உரிமை கிடைத்திருந்தால் கடைசியில் B2 என்று இருக்கும்.

பூன் லே, மூன்றின் முதல் பக்கத்தையும் திறந்து முதல் விண்ணப்பத்தைக் குறிக்கும் முன்னுரிமை எண்ணைப் பாருங்கள். ஒரே எண் என்றால் அது ஒரே கண்டுபிடிப்பு. தேர்வு செய்பவர் Espacenet காப்புரிமைத் தேடல் தளத்தில் தட்டினால் ஒரே குடும்பமாகத்தான் வரும். "4" என்று எழுதியவர் மேல் அவருக்கு அங்கேயே நம்பிக்கை போய்விடும். இப்படி எழுதுங்கள்: "துருத்தடுப்புப் பூச்சு, ஒரு கண்டுபிடிப்பு. இந்தியாவில் உரிமை கிடைத்தது, அமெரிக்காவில் பரிசீலனையில். உரிமையாளர்: முன்னாள் நிறுவனம். என் பங்கு: பிசின் தேர்வு, சோதனைத் திட்டம்." எண்களையும் கொடுங்கள்.

நாலாவது வேறு விஷயம். விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். அதுவரை "வெளியாகாத விண்ணப்பம் 1, கோட்டிங் துறை" என்பதோடு நிறுத்துங்கள். தலைப்பைக்கூட எழுதாதீர்கள், சில தலைப்பே கலவையைக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய கம்பெனி ரகசியத்தைச் சொல்பவர் நாளை எங்களுடையதையும் சொல்வார் என்றுதான் இங்கே நினைப்போம்.

உட்லண்ட்ஸ் அக்கா: எனக்கு நடந்தது வேறு. காப்புரிமையில் பெயர் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. அவர்கள் தேடியபோது நான் அகப்படவே இல்லை! ரெஸ்யூமில் "காப்புரிமையில் என் பெயர் இப்படி" என்று ஒரு வரி சேருங்க.

பூன் லே, புதுசு: எனக்கும் அதே நிலைதான் அக்கா, நன்றி. லேப் நோட்டு?

கிளெமென்டி, கெமிஸ்ட்: நோட்டு கம்பெனியுடையது. போனில் படம் இருந்தாலும் காட்டாதீர்கள். ஆனால் வெளியான காப்புரிமையின் எடுத்துக்காட்டு அட்டவணையில் உப்புத் தெளிப்புச் சோதனை எத்தனை மணி நேரம் தாங்கியது என்று இருக்குமே, அது எல்லாருக்கும் திறந்த தகவல். அந்த எண்ணைத் தாராளமாக எழுதலாம். கட்டுரைகளுக்கு ஆசிரியர் வரிசையை மாற்றாமல் DOI கொடுத்தால் போதும்.

செங்காங் தம்பி: ஒரு கிலோ லேப் கலவையை 200 கிலோவுக்குக் கொண்டுபோனதை எழுதலாமா? எல்லாரும் எழுதுறாங்களே.

கிளெமென்டி, கெமிஸ்ட்: அளவு மட்டும் என்றால் நான் எழுதுவேன்.

உட்லண்ட்ஸ் அக்கா: நான் எழுத மாட்டேன். என் ஒப்பந்தத்தில் உற்பத்தி அளவும் ரகசியம். தம்பி, முதலில் உங்களுடையதை எடுத்துப் படிங்க.