மழை நாளில் தெரியாத பங்கில் பெட்ரோல் போட்டு நடுவழியில் நின்ற அனுபவம்

விழுப்புரம் வழி

போன நவம்பரில் குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போனோம். முந்தின இரவு முழுக்க நல்ல மழை. திண்டிவனம் தாண்டியதும் பெட்ரோல் முள் கீழே வந்துவிட்டதால், நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணில் பட்ட பங்கில் 20 லிட்டர் போட்டேன். அதற்கு முன் அந்தப் பங்குக்குப் போனதே இல்லை. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் வண்டி இரண்டு முறை குலுங்கியது, எஞ்சின் விளக்கு எரிந்தது, ஓரம் கட்டுவதற்குள் நின்றே போனது.

வந்து பார்த்த மெக்கானிக் பெட்ரோல் குழாயைக் கழற்றி, டேங்கில் இருந்ததைக் கொஞ்சம் ஒரு பாட்டிலில் பிடித்தார். பத்து நிமிடம் அசையாமல் வைத்ததும் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தனியாக ஒரு அடுக்கு நின்றது. நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது.

பாட்டிலோடு பங்குக்குத் திரும்பிப் போனோம். அதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். டிப் ராடில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் வாட்டர் பேஸ்ட் தடவி, பங்கின் டேங்குக்குள் விட்டுக் காட்டினார். பேஸ்ட் நிறம் மாறவில்லை. நாசிலிலிருந்து ஜாரில் பிடித்தார், பளிச்சென்று இருந்தது. ஹைட்ரோமீட்டர் போட்டதில் டென்சிட்டி 725, வெப்பமானி 32 டிகிரி காட்டியது. பட்டியலைப் பார்த்து 15 டிகிரிக்கு மாற்றினால் 740 என்றார். "720லிருந்து 775 வரைக்கும் இருக்கலாம் சார், இது நல்ல பெட்ரோல்தான்" என்று முடித்துவிட்டார். பதிவேட்டில் காலையில் எழுதியிருந்தது 748.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் பாட்டிலில் அடுக்கு நிற்கிறது, அவர் காட்டிய மூன்று சோதனையும் சரியாக இருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

மேலூர் பெரியவர்

தம்பி, போடுவதற்கு முன்னால் ஃபில்டர் பேப்பர் கேட்டிருக்க வேண்டும். எல்லாப் பங்கிலும் வைத்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். நாசில் நுனியைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் காய்ந்துவிட்டால் சுத்தமான பெட்ரோல். முப்பது வருடமாக வெளியூரில் நான் இப்படிப் பார்த்துத்தான் போடுகிறேன். ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை.

பல்லாவரம் ரைடர்

எனக்கும் இதே மாதிரி ஆனது, ஆனால் அளவில். ஐந்து லிட்டர் கேனில் பிடித்துக் காட்டச் சொன்னேன், குறைவாக இருந்தது. முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரம் பங்கில் இருக்கும், அதில் 25 மில்லி வரைதான் வித்தியாசம் இருக்கலாம். நீங்களும் அதைக் கேட்டிருக்கலாம்.

விழுப்புரம் வழி

அளவில் எனக்குச் சந்தேகம் இல்லை நண்பரே. உள்ளே என்ன வந்தது என்பதுதான் என் கேள்வி.

பங்க் மேலாளர் (ஓய்வு)

பதினாறு வருடம் பங்கில் மேலாளராக இருந்தேன். சார் எழுதியதில் எல்லாக் குறிப்பும் இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய பெட்ரோலில் தண்ணீர் புகுந்தால் அது தனியாக டேங்கின் அடியில் கிடக்கும். எத்தனால் கலந்ததில் அப்படி இல்லை. கொஞ்சம் தண்ணீரை எத்தனால் தனக்குள் வாங்கிக்கொள்ளும், பார்வைக்கு எதுவும் தெரியாது. அளவு மீறியதும், அந்தத் தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். உங்கள் பாட்டிலில் இரண்டு விரல் நின்றது முழுக்கத் தண்ணீர் என்று நினைக்காதீர்கள். அதில் பெரும்பங்கு எத்தனாலாகத்தான் இருக்கும். கொஞ்சம் தண்ணீரே அவ்வளவு பெரிய அடுக்கைக் கட்டிவிடும்.

இப்போது பேஸ்ட். சாதாரண வாட்டர் பேஸ்ட் வெறும் தண்ணீருக்குத்தான் தெளிவாக நிறம் மாறும். தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்த அடுக்கில் அது சரியாக வேலை செய்யாது. அதற்கென்று தனிப் பேஸ்ட் இருக்கிறது. மேலாளர் எதைத் தடவினார் என்று டப்பாவைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்தது அவர் சொன்ன 720-775. அது பெட்ரோலுக்கு மொத்தமாக உள்ள எல்லை. ஒரு பங்கில் பார்க்க வேண்டியது அந்த எல்லையை அல்ல. லோடு வந்தபோது இன்வாய்ஸில் இருந்த டென்சிட்டி என்ன, காலையில் எழுதியது என்ன, இப்போது என்ன என்றுதான் பார்க்க வேண்டும். 3 புள்ளிக்குள் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. உங்களுக்கு 748, 740 ஆகியிருக்கிறது. எட்டுப் புள்ளி! நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்த நாசிலை உடனே நிறுத்தியிருப்பேன்.

ஏன் குறைந்திருக்கலாம் என்றால், எத்தனாலின் டென்சிட்டி 789, பெட்ரோலைவிட அதிகம். அது பிரிந்து அடிக்குப் போனால் மேலே மிஞ்சுவது எத்தனால் இல்லாத இலேசான பெட்ரோல். 748இல் இருந்து எத்தனால் முழுக்கப் போனால் ஏறக்குறைய 738 வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே ஜார் பளிச்சென்று இருந்ததும் டென்சிட்டி இறங்கியதும் ஒன்றோடொன்று பொருந்துகிறது. பூமிக்கடியில் உள்ள டேங்கில் உறிஞ்சு குழாய் அடிமட்டத்தைத் தொடாமல் சில அங்குலம் மேலே நிற்கும். அடுக்கு அதற்குக் கீழே இறங்கிவிட்டால் நாசிலில் மேல் பெட்ரோல்தான் வரும்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் போட்டபோது டேங்கர் லாரி ஏதாவது நின்றதா?

விழுப்புரம் வழி

நின்றது சார். ஓரமாகக் குழாய் மாட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கவனத்தில் எடுக்கவே இல்லை.

பங்க் மேலாளர் (ஓய்வு)

அப்படியென்றால் ஓரளவு விளங்குகிறது. பல ஆயிரம் லிட்டர் வேகமாக உள்ளே விழும்போது அடியில் கிடப்பது எல்லாம் கலங்கும். அந்த நேரத்தில் அந்த டேங்கிலிருந்து விற்கவே கூடாது, ஆனால் கூட்டம் நின்றால் சில இடங்களில் விற்றுவிடுகிறார்கள். உங்கள் 20 லிட்டரில் அந்தக் கலங்கல் வந்திருக்கலாம். இரண்டு மணி நேரத்தில் அது மறுபடி படிந்திருக்கும்.

இதை உறுதி என்று நான் சொல்லமாட்டேன். புது லோடின் டென்சிட்டியே குறைவாக இருந்து, பழையதோடு கலந்து 740 ஆகியிருக்கலாம். அந்த லோடின் இன்வாய்ஸைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

மேலூர் அய்யாவுக்கு ஒரு வார்த்தை. ஃபில்டர் பேப்பர் சோதனை நல்லதுதான், மண்ணெண்ணெய், டீசல் மாதிரி கனமான எண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும். காய்ந்த இடம் லேசாக இளஞ்சிவப்பாக இருந்தால் அது பெட்ரோலின் சாயம், பயப்பட வேண்டாம். ஆனால் பெட்ரோல் மாதிரியே ஆவியாகும் இலேசான கரைப்பான்களைக் கலந்திருந்தால் அது பிடிக்காது. தண்ணீரையும் நம்பும்படி காட்டாது.

மேலூர் பெரியவர்

இவ்வளவு நாள் நான் எல்லாவற்றுக்கும் அது போதும் என்றே நினைத்தேன். சரி, மண்ணெண்ணெய்க்கு மட்டும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கோவை மாணவன்

அண்ணா, எங்கள் குழுவில் ஒரு காணொளி வந்தது. 100 மில்லி பெட்ரோலில் 10 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் அடி அடுக்கு 30 ஆகிறது. 20 மில்லி தண்ணீர் பங்கிலேயே கலந்திருக்கிறது என்று அதில் சொல்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன், அப்படியே வந்தது. அப்போது எங்கள் ஊர்ப் பங்கும் கலப்படம்தானே?

பங்க் மேலாளர் (ஓய்வு)

இல்லை தம்பி. நீ ஊற்றிய தண்ணீர் பெட்ரோலில் இருந்த எத்தனாலை இழுத்துக்கொண்டது, கூடின 20 மில்லி அதுதான். எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. உன் பெட்ரோலில் சொன்னபடி எத்தனால் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க எதையும் ஊற்றாமல், கண்ணாடி ஜாரில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். தானாகவே அடுக்குப் பிரிந்தால் தவறு இருக்கிறது. அடுக்கு தெளிவாகத் தெரியாவிட்டால் கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு மட்டும் அந்த ஜாரில் விடு. அடியில் அடுக்கு இருந்தால் அது முழுக்க நிறம் பிடிக்கும். இதெல்லாம் வீட்டுக்குள் வேண்டாம், வெளியில், அடுப்பு பீடி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்.

குட்டியானை ஓட்டுநர், சேலம்

டீசலிலும் தண்ணீர் வருமா சார்? என் வண்டியில் தண்ணீர் விளக்கு ஒரு தடவை எரிந்தது. ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு டம்ளர் அளவு இறக்கினேன், பிறகு ஓடியது.

பங்க் மேலாளர் (ஓய்வு)

வரும். டீசலில் எத்தனால் இல்லாததால் தண்ணீர் தனியாக நிற்கும், பேஸ்டும் அதைச் சரியாகக் காட்டும். ஜாரில் பிடித்தால் மங்கலாக, கலங்கினது போலத் தெரியும். ஒரு டம்ளர் என்பது நிறைய அண்ணே. உங்கள் டேங்கையே ஒரு முறை இறக்கிப் பாருங்கள்.

மயிலாப்பூர் ஸ்கூட்டர்

என் ஸ்கூட்டரை இரண்டு மாதம் மொட்டை வெளியில் நிறுத்தியிருந்தேன். ஊரிலிருந்து வந்து எடுத்தால் ஓடவில்லை, டேங்கில் அடுக்கு இருந்தது என்று மெக்கானிக் சொன்னார். கடைசியாகப் போட்ட பங்கின் தவறா இது? இல்லை, எத்தனால் காற்றிலிருந்து ஈரம் இழுத்ததா?

பங்க் மேலாளர் (ஓய்வு)

மேடம், மூடின டேங்கில் காற்று ஈரம் மட்டுமே இரண்டு மாதத்தில் அவ்வளவு தண்ணீர் தராது என்பது என் அனுபவம். மூடியைச் சுற்றி மழைநீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது தூசியில் அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி மூடி வழியாக உள்ளே இறங்கும். அந்த ஓட்டையைக் கம்பி விட்டுப் பாருங்கள். பங்கின் தவறாக இருந்திருந்தால் போட்ட அன்றே சில கிலோமீட்டரில் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பல்லாவரம் ரைடர்

அப்போது தெரியாத பங்கில் போடும் முன் நாங்கள் என்னதான் பார்க்க வேண்டும்?

பங்க் மேலாளர் (ஓய்வு)

மழை நாளாக இருந்தால் முதலில் தரையைப் பாருங்கள். டேங்கர் இறக்கும் மூடிகள் இருக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே போட வேண்டாம். தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். லாரி இறக்கிக்கொண்டிருந்தால் அடுத்த பங்குக்குப் போய்விடுங்கள். வேறு வழியில்லை என்றால் டேங்கை நிரப்பாமல் இரண்டு மூன்று லிட்டர் போட்டு ஓட்டிப் பாருங்கள். நேரம் இருந்தால் ஜாரில் பிடித்துக் காட்டச் சொல்லலாம், பதிவேட்டு டென்சிட்டியையும் கேட்கலாம். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சார் அனுபவத்தில் பார்த்தீர்களே, ஜார் பளிச்சென்று இருப்பது மட்டும் போதாது.

விழுப்புரம் வழி

பில்லும் மெக்கானிக் ரசீதும் சேர்த்து எண்ணெய் நிறுவனத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். 748, 740 இரண்டையும் எழுதியிருக்கிறேன். லாரி நின்ற விஷயத்தை இன்று சேர்த்து அனுப்புகிறேன். அதிகாரி வந்து மாதிரி எடுத்தார் என்று சொன்னார்கள், முடிவு இன்னும் வரவில்லை. டேங்க் கழுவி, ஃபில்டர் மாற்றிய பிறகு வண்டி சரியாக ஓடுகிறது. அந்தப் பாட்டிலை என்ன செய்வது? இன்னும் மெக்கானிக் கடையில்தான் இருக்கிறது.

பங்க் மேலாளர் (ஓய்வு)

பிளாஸ்டிக் பாட்டிலில் விடாதீர்கள். மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, தேதி எழுதி ஒட்டி, கடையில் நிழலான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்களே பிடித்த மாதிரி என்பதால் நிறுவனம் அதை ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த லோடு வந்தபோது லாரியிலிருந்து எடுத்து வைத்த மாதிரி பங்கில் இருக்க வேண்டும். அதைச் சோதிக்கச் சொல்லி உங்கள் புகாரில் ஒரு வரி சேருங்கள். லாரி மாதிரி சரியாக இருந்தால், தண்ணீர் பங்கின் டேங்கில்தான் புகுந்தது என்று நீங்கள் கேட்கலாம்.