8×12 பிரின்ட்ல ஓரம் வெட்டு, கலரும் மங்கல்: கடைக்கு லெட்டர் எழுதணும், உதவுங்க

கலா, ராயபுரம்

தங்கச்சி வளைகாப்பு போட்டோ 24 எடுத்து, வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு கடையில 8×12 பிரின்ட் போடக் கொடுத்தோம். பெரியப்பா பையன் கேமராவுல எடுத்தது 21. மீதி மூணு என் ஆண்ட்ராய்டு போன்ல எடுத்தது. எல்லாமே பென் டிரைவ்ல ஒரிஜினலா கொடுத்தேன், வாட்ஸ்அப்ல அனுப்பல.

வந்ததைப் பார்த்து அம்மா அழுதே விட்டாங்க. தங்கச்சி ரெண்டு கையையும் விரிச்சு வளையல் காட்டற படத்துல, வலது கை முழங்கைக்குக் கீழ காணோம். வளையல் அடுக்கு முழுசா போச்சு. குரூப் போட்டோவுல ஓரத்துல நின்ன அத்தைக்குப் பாதி முகம்தான் இருக்கு. கிளிப்பச்சைப் பட்டு பல தடவை துவைச்ச மாதிரி வெளிறிக் கிடக்கு, குங்குமம் செங்கல் நிறத்துல இருக்கு. லேப்டாப்ல பார்த்தா எல்லாம் பளிச்சுனு இருக்கு.

கடையில "உங்க ஃபைலே அப்படித்தான்"னு சொல்றாங்க. எழுதிக் கொடுத்தா ஓனர் பார்ப்பாராம். நான் எழுதினது இது:

"ஐயா, உங்கள் கடையில் போட்ட பிரின்ட் எதுவும் சரியில்லை. மட்டமான இங்க் போட்டு ஏமாற்றிவிட்டீர்கள். எல்லாவற்றையும் உடனே மாற்றித் தரவும்."

இது போதுமா?

வாசு, தண்டையார்பேட்டை

டிபிஐ கம்மியா இருக்கும் சிஸ்டர். 300 டிபிஐ வெச்சுக் கொடுத்தா கலர் நல்லா வரும். அப்புறம் எந்தக் கடையா இருந்தாலும் ஓரத்துல கொஞ்சம் வெட்டத்தான் செய்வாங்க. பார்டர் இல்லாம போடறப்ப அது சகஜம்.

ஜோசப், பெரம்பூர் (முன்னாடி லேப்ல வேலை பார்த்தவன்)

வாசு தம்பி, டிபிஐ குறைஞ்சா படம் கலங்கும், புள்ளி புள்ளியா தெரியும். பச்சை வெளிறாது. ஓரத்துல கொஞ்சம் போகும்னு சொன்னது சரி, ஆனா அது சில மில்லிமீட்டர்தான். ஒரு முழங்கை போகாது.

கலாம்மா, முதல்ல ஸ்கேல் எடுத்து பிரின்டை அளந்து பாருங்க. பில்லுல என்ன சைஸ் எழுதியிருக்குன்னும் பாருங்க. அடுத்து, உங்க போன்ல எடுத்த மூணு படத்துக்கும் கலர் மங்கியிருக்கா? பகல் வெளிச்சத்துல ஜன்னல் பக்கம் வெச்சுப் பாருங்க, டியூப்லைட்ல வேண்டாம்.

மீனா, திருவொற்றியூர்

என் வீட்டு பிரின்டர்லயும் இதே பிரச்சினைதான். ஹெட் கிளீனிங் ரெண்டு தடவை ஓட்டினதும் சரியாயிடுச்சு. நீங்களும் ஓட்டிப் பாருங்க.

கலா

மீனா அக்கா, இது கடையில போட்டது, வீட்டு பிரின்டர் இல்ல.

ஜோசப் அண்ணே, அளந்தேன். பில்லுல 8×12, 24 பீஸ்னு தெளிவா இருக்கு. கையில இருக்கறது எல்லாமே 8×10! போன்ல எடுத்த மூணும் கலர்ல நல்லாவே இருக்கு. கேமரா படங்கள்தான் மங்கல். அதுலயும் அப்பா வேட்டி வெள்ளையாவும் தலைமுடி நல்ல கறுப்பாவும்தான் இருக்கு. பட்டு, குங்குமம், பூ மட்டும்தான் செத்துப் போச்சு.

ஜோசப், பெரம்பூர்

அப்ப ரெண்டும் வேற வேற பிரச்சினை. லெட்டர்லயும் தனித்தனியா எழுதணும்.

சைஸ் விஷயத்துல கடைக்குப் பதிலே கிடையாது. அந்த மாதிரி கேமராவுல வர்ற படம் 3-க்கு 2 அளவு, 8×12-ல அப்படியே உட்காரும். அதையே 8×10-ல போட்டா நீளத்துல ரெண்டு இஞ்ச், ஆறுல ஒரு பங்கு போயிடும். பக்கத்துக்கு ஒரு இஞ்ச். வளையலும் அத்தை முகமும் அங்கதான் போச்சு.

கலர் அப்படி இல்ல. மெஷின்ல கெமிக்கல் தளர்ந்திருந்தா போன் படமும் சேர்ந்து மங்கியிருக்கும், வெள்ளையில ஒரு சாயம் ஏறியிருக்கும். இங்க வெள்ளையும் கறுப்பும் சரி, அழுத்தமான நிறம் மட்டும் விழுந்திருக்கு. கேமராவை Adobe RGB-ங்கற அகலமான நிற வரம்புல வெச்சு எடுத்த படத்தை, லேப் மெஷின் வழக்கமான sRGB வரம்புன்னு நினைச்சுப் போட்டா இப்படித்தான் வரும். எந்த வரம்புன்னு ஃபைலுக்குள்ள இருக்கற குறிப்புதான் புரொஃபைல். உங்க லேப்டாப் அதைப் படிச்சுக் காட்டறதால அங்க பளிச்சுனு தெரியுது. விண்டோஸ்ல ஃபைல் மேல ரைட் கிளிக், Properties, Details போங்க. Color representation-ல என்ன இருக்கு?

இன்னொண்ணு, "மட்டமான இங்க்" வரியை எடுத்துடுங்க. அது கெமிக்கல் லேப்னா அங்க இங்க்கே கிடையாது, பேப்பர்ல ஒளி பட்டு நிறம் வர்றது. ஓனர் அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு மத்ததைத் தள்ளிடுவார்.

கலா

கேமரா படத்துல Uncalibrated-னு இருக்கு. போன் படத்துல sRGB.

ஜோசப், பெரம்பூர்

அதேதான். ஜிம்ப்ல Image > Color Management > Convert to Color Profile போய் sRGB-க்கு மாத்துங்க. Assign கொடுத்துடாதீங்க. அது பேரை மட்டும் மாத்தி ஒட்டும், இப்ப பிரின்ட்ல பார்க்கற மங்கல் ஃபைல்லயே ஏறிடும். ஒரிஜினலைத் தொடாம தனியா சேவ் பண்ணுங்க.

செல்வம், கொருக்குப்பேட்டை

அப்ப கலருக்குக் கடை பொறுப்பில்லைன்னு சொல்றீங்களா? நான் ஒத்துக்க மாட்டேன். புரொஃபைல் ஃபைலுக்குள்ளயே இருக்கு, அதைப் படிக்கறது தொழில் பண்றவன் வேலை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்கறது முறையற்ற வணிகம். பில்லுல கெடு போடலைன்னா 30 நாள். லெட்டர்லயே 1915 ஹெல்ப்லைன்ல புகார் கொடுப்பேன்னு போடுங்க.

ஜோசப், பெரம்பூர்

செல்வம், சைஸுக்கு அந்தச் சட்டம் நிக்கும். கலருக்கு இழுபறிதான். நிறைய லேப்ல "sRGB-ல கொடுங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிடுவாங்க, இந்தக் கடை சொல்லுச்சான்னு கேட்கலாம். முதல் லெட்டர்லயே 1915 போட்டா பேச்சு முறிஞ்சிடும். பதில் வரலைன்னா ரெண்டாவதுல போடட்டும்.

கலா

கடையில அப்படி எதுவும் சொல்லல, போர்டும் இல்ல. திருத்தி எழுதிட்டேன், பாருங்க:

"உரிமையாளர் அவர்களுக்கு, வணக்கம். இணைத்துள்ள பில்லின்படி 8×12 அளவில் 24 பிரின்ட்டுக்குப் பணம் கட்டினேன். கொடுக்கப்பட்டவை அனைத்தும் 8×10. இதனால் கேமரா படங்களில் நீளவாக்கில் இரண்டு இஞ்ச் வெட்டுப்பட்டு, ஓரத்தில் இருந்தவர்களின் முகமும் கையும் போய்விட்டன. மோசமான மூன்று பிரின்ட்டுகளைக் காட்டுவதற்காக எடுத்து வந்திருக்கிறேன்.

கேமரா படங்கள் 21-இல் நிறமும் மங்கியுள்ளது. அதே ஆர்டரில் போன் படங்களின் நிறம் சரியாக உள்ளது. கேமரா ஃபைல்கள் Adobe RGB-யில் இருப்பதே காரணம் என்று தெரிகிறது. ஆர்டர் எடுக்கும்போது இதுபற்றி எங்களிடம் யாரும் சொல்லவில்லை. sRGB-க்கு மாற்றிய ஃபைல்களை இத்துடன் தருகிறேன்.

24-ஐயும் 8×12 அளவில், கூடுதல் கட்டணமின்றி மறுபடி போட்டுத் தர வேண்டுகிறேன். பழைய பிரின்ட்டுகளைத் திருப்பித் தந்துவிடுகிறேன். பத்து நாளுக்குள் பதில் தரவும்."

ஜோசப், பெரம்பூர்

நல்லா இருக்கு. ஒண்ணு சேருங்க. போன் படம் மூணும் 4-க்கு 3 அளவு. 8×12-ல நிரப்பிப் போட்டா சரியா பண்ணினாலும் மேல கீழ சேர்த்து ஒன்பதுல ஒரு பங்கு போகும். அதுக்கு "வெட்டாமல், பக்கத்தில் வெள்ளை விட்டுப் போடவும்"னு எழுதுங்க, இல்லாட்டி அடுத்த சண்டை அதுல வரும். மொத்தத்தையும் ஓட்டறதுக்கு முன்னாடி வளையல் படத்தை மட்டும் ஒண்ணு போடச் சொல்லிப் பாருங்க.

செல்வம், கொருக்குப்பேட்டை

லெட்டரை ரெண்டு காப்பி எடுங்க. ஒண்ணுல தேதியோட கடை சீல் வாங்கிக்கங்க. சீல் போட மறுத்தா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. கலருக்கு அவங்கதான் பொறுப்புன்னு நான் இன்னும் சொல்றேன்.

கலா

ரெண்டு பேர் சொன்னதையும் சேர்த்துட்டேன். நாளைக்கு அம்மாவோட போய்க் கொடுக்கறேன். பச்சை சரியா வந்ததா இல்லையான்னு இங்கயே எழுதறேன்.