பொருள்: நூலகக் கட்டடம் – ஒப்பந்தக்காரர் தாமதம், நோட்டீஸ் வரைவு

கதிரவன் எழுதியது (20 பிப்ரவரி 2025):

அனைவருக்கும் வணக்கம். ரன்னிங் பில் 9,10,000 கேட்டு ஒப்பந்தக்காரர் கடிதம் அனுப்பியிருக்கிறார். அதற்காக ஆளுக்கு ஒரு பங்கு போடச் சொல்லித் தலைவர் கேட்டிருப்பதும் உங்களுக்குத் தெரியும். போன வாரம் ஊருக்குப் போன செல்வி அக்கா மேல்மாடியைப் பார்த்துவிட்டு வந்து, ஜன்னல் சட்டம்கூட ஏறவில்லை, படிக்கட்டில் கைப்பிடி இல்லை என்கிறார்.

பில்லில் ஒரு பைசா கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒப்பந்த மதிப்பு 84 லட்சம். தாமதமானால் வாரத்துக்கு 0.5 சதவீதம், அதாவது 42,000. முடித்திருக்க வேண்டிய நாள் 30 செப்டம்பர் 2024. இன்றோடு 143 நாள், 21 வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 8,82,000. நோட்டீஸும் எழுதிவிட்டேன்: "உமது அலட்சியத்தால் ஏற்பட்ட தாமதத்துக்கு அபராதமாக ரூ. 8,82,000 ஏழு நாளில் செலுத்தத் தவறினால் சட்டப்படி கடும் நடவடிக்கை எடுக்கப்படும்." ஆட்சேபம் இல்லையென்றால் நாளையே அனுப்பிவிடலாம்.

தங்கராசு எழுதியது:

ஆட்சேபம் இருக்கிறது. அந்தப் பையனின் அப்பா நமக்கு எந்த நேரத்தில் கை கொடுத்தார் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும், விளக்க வேண்டியதில்லை. அவன் வீட்டு வாசலில் போய் நோட்டீஸ் ஒட்டினால் கேவலம் நமக்குத்தான். நேரில் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். கதிரவனுக்கு எப்போதுமே மனுசனைவிட நோட்டுப் புத்தகம்தான் பெரிசு.

இளங்கோ எழுதியது:

தங்கராசு மாமா, நோட்டீஸ் என்பது சண்டைக்கான அழைப்பு இல்லை. நான் பதினாறு வருடமாக இந்தக் கோரிக்கைக் கடிதங்களைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் எழுதி வைத்தவர்கள்தான் பிறகு நிதானமாகப் பேசி முடிக்கிறார்கள்.

கதிரவன் அண்ணே, வரைவை அனுப்பிவிடாதீர்கள். அதில் மூன்று இடத்தில் நமக்கே குழி இருக்கிறது.

முதலில், நம் ஒப்பந்தத்தில் தாமதம் பற்றிய 17-ஆம் பிரிவை நீங்கள் பாதிதான் படித்திருக்கிறீர்கள். "ஒவ்வொரு முழு வாரத்துக்கும்" என்றுதான் அதில் இருக்கிறது, வாரத்தின் பகுதியைச் சேர்க்கவில்லை. 143 நாள் என்றால் 20 முழு வாரமும் 3 நாளும், அதை 21 ஆக்க முடியாது. அடுத்த வரியில் உச்சவரம்பு ஒப்பந்த மதிப்பில் 5 சதவீதம், அதாவது 4,20,000. எத்தனை வாரம் ஆனாலும் இந்தப் பிரிவின் கீழ் அதைத் தாண்டிக் கேட்க முடியாது. அப்புறம் கடைசி வாக்கியம்: ஒரு பகுதியை நாம் எடுத்துக்கொண்டால், அதன் மதிப்பைக் கழித்து மீதிக்குத்தான் கணக்கு. டிசம்பர் 12 அன்று கீழ்த்தளச் சாவியை வாங்கிப் புத்தகங்களை இறக்கிவிட்டோம் இல்லையா?

இரண்டாவது, தொடக்கத் தேதி. படிக்கட்டை இடமாற்றச் சொன்னது நாம். புது வரைபடம் 24 நாள் கழித்துத்தான் அவர் கைக்குப் போனது. அந்த நாட்களையும் அவர் தலையில் கட்டினால் தொகை குறைவதோடு நிற்காது. வேலை தருபவரே தாமதத்துக்குக் காரணம், காலநீட்டிப்பும் தரவில்லை என்று வந்தால், நிர்ணயித்த தேதியே செல்லாது என்று வாதாட இடம் கிடைக்கும். தேதி போனால் வாரக் கணக்கும் போய்விடும். ஆகவே 24 நாள் நீட்டிப்பை எழுத்தில் கொடுத்து, முடிக்கும் நாளை 24 அக்டோபர் என்று மாற்றிவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும்.

இப்போது கணக்கு. அக்டோபர் 25 முதல் டிசம்பர் 12 வரை 49 நாள், சரியாக 7 வாரம். முழுக் கட்டடத்துக்கும் வாரம் 42,000 வீதம் 2,94,000. டிசம்பர் 13 முதல் இன்று வரை 70 நாள், 10 வாரம். அளவுப் பட்டியலின்படி மேல்மாடியின் மதிப்பு 32 லட்சம், அதில் 0.5 சதவீதம் 16,000. பத்து வாரத்துக்கு 1,60,000. கூட்டினால் 4,54,000. உச்சவரம்பு குறுக்கே வருவதால் 4,20,000-தான்.

மூன்றாவது, "அபராதம்" என்ற சொல். இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவில், பேசி வைத்த தொகை உச்ச எல்லைதான், அதற்குள் நியாயமான இழப்பீடு கிடைக்கும். நாமே அபராதம் என்று எழுதிவிட்டால், இது இழப்பீடு இல்லை, மிரட்டல் என்று காட்ட அவர் வக்கீலுக்கு நம் கடிதமே போதும். அதை எடுத்துவிடுங்கள். "அலட்சியம்", "கடும் நடவடிக்கை" இரண்டும் வேண்டாம். கடிதத்தில் கோபம் இருந்தால் படிப்பவர் தேதியைப் பார்க்க மாட்டார்.

பாலு எழுதியது:

இளங்கோ, இதே கணக்கை எனக்கும் போட்டுக் கொடேன். அபார்ட்மெண்ட் ஒன்றுக்கு முழுப் பணமும் கட்டி இரண்டு வருடம் ஆகிறது. சாவி இன்னும் வரவில்லை. வாரத்துக்கு 0.5 சதவீதம் என்றால் பெரிய தொகை வருமே!

இளங்கோ எழுதியது:

பாலு, உன் கதை வேறு. நீ வாங்குபவன், வேலை கொடுத்தவன் இல்லை. திட்டம் ரேரா என்ற வீட்டுமனைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருந்தால், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் நீ கட்டிய பணத்துக்கு வட்டி கேட்கலாம், இல்லையென்றால் விலகிக்கொண்டு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உன் ஒப்பந்தத்தைத் தனியாக எனக்கு அனுப்பு, இங்கே வேண்டாம்.

கதிரவன் எழுதியது:

8,82,000 எங்கே, 4,20,000 எங்கே! சரி, பிரிவில் அப்படித்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தக்காரர் கடிதத்தில் இன்னொரு வரி இருப்பதை யாருமே சொல்லவில்லையே. மூன்றாவது பில் பணம் 19 நாள் தாமதமாக வந்தது, அந்த நாட்களையும் கழியுங்கள் என்கிறார். அது ஏன் தாமதமானது? வளைகுடா கிளையின் வசூல் வரவில்லை. அப்போது நான் எத்தனை முறை எழுதினேன் என்று மடற்குழுவிலேயே இருக்கிறது. அப்போது வாயைத் திறக்காதவர்கள் இப்போது எனக்கு மனுசத் தன்மை பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்.

தங்கராசு எழுதியது:

அந்த மாதம் எங்கள் ஆட்கள் பலருக்குச் சம்பளமே வரவில்லை. ஒருவனாவது மன்னிப்புக் கேட்டானா, ஒருவனாவது கையேந்தினானா? அப்புறமாகவேனும் கொடுத்தார்கள் இல்லையா? முந்தின கட்டடத்துக்குக் கல் சுமந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். அந்த நாளில் நோட்டீசும் இல்லை, பிரிவு 17-உம் இல்லை. கட்டடம் மட்டும் நேரத்துக்கு எழும்பி நின்றது.

இளங்கோ எழுதியது:

19 நாள் விஷயத்தில் எனக்கே உறுதி இல்லை. பணம் தாமதமானால் வட்டி என்று நம் ஒப்பந்தத்தின் 11-ஆம் பிரிவில் இருக்கிறது, அதனால் கூடுதல் நாள் தர வேண்டியதில்லை என்பது நம் வாதம். அவரோ, பணம் இல்லாததால் கம்பி வாங்க முடியாமல் வேலை நின்றது என்கிறார். அந்த நாட்களில் வேலை நடந்ததா, நின்றதா என்று தளப் பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். அவர் சொல்வதை ஏற்றால் முடிக்கும் நாள் நவம்பர் 12 ஆகும். சாவி வாங்கிய நாள் வரை 30 நாள்தான், 4 முழு வாரம், 2 நாள் உதிர்ந்துபோகும். 1,68,000-உம் 1,60,000-உம் சேர்த்து 3,28,000. அந்த 19 நாளின் விலை 92,000 என்பதை எல்லோரும் தெரிந்துகொண்டு சண்டை போடுங்கள்.

இன்னொன்று. 4,20,000 கேட்கலாம், ஆனால் முழுதும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடு இல்லை என்று கைலாஷ்நாத் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிரூபிப்பது கடினமான இழப்பு என்றால் பேசிய தொகையைக் கொடுக்கலாம், நிரூபிக்க முடிவது என்றால் ரசீதைக் காட்டத்தான் வேண்டும். புத்தகங்கள் வைத்திருந்த அறையின் வாடகையும், மேற்பார்வைப் பொறியாளருக்குக் கூடுதலாகக் கொடுத்த மாதச் சம்பளமும் எவ்வளவு என்று செயலாளர் சித்தப்பா எடுத்து வையுங்கள். அது ஒரு லட்சத்தைத் தாண்டாது என்றுதான் நினைக்கிறேன். பேச உட்காரும்போது அந்தத் தொகை நமக்குள் இருக்கட்டும்.

பில்லை முழுதாக நிறுத்தாதீர்கள், அண்ணே. பில்லிலிருந்து பிடிக்கலாம் என்று 17-இல் இருக்கிறது. 9,10,000-இல் 4,20,000 பிடித்தால் மீதி 4,90,000. அதைத் தேதிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதையும் நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர்கள் நாம் ஆகிவிடுவோம்.

வரைவு இது. கையெழுத்துப் போட வேண்டியவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தலைவர், வெளிநாட்டில் இருக்கும் நாம் யாரும் இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கே ஒப்புகையோடு போக வேண்டும்.

> "மேற்படி ஒப்பந்தத்தின்படி பணி முடிய வேண்டிய நாள் 30.09.2024. படிக்கட்டு வரைபட மாற்றத்துக்காக 24 நாள் நீட்டிப்பு இதன்மூலம் வழங்கப்பட்டு, முடிக்கும் நாள் 24.10.2024 எனத் திருத்தப்படுகிறது. அந்நாளில் பணி முடியவில்லை. கீழ்த்தளம் மட்டும் 12.12.2024 அன்று பெறப்பட்டது. மேல்மாடி 20.02.2025 வரை முடியவில்லை.
>
> பிரிவு 17-இன்படி தாமத இழப்பீடு: 25.10.2024 முதல் 12.12.2024 வரை 7 முழு வாரம், வாரம் ரூ. 42,000 வீதம் ரூ. 2,94,000. 13.12.2024 முதல் 20.02.2025 வரை 10 முழு வாரம், வாரம் ரூ. 16,000 வீதம் ரூ. 1,60,000. மொத்தம் ரூ. 4,54,000. பிரிவு 17-இன் உச்சவரம்புக்கு உட்பட்டு ரூ. 4,20,000. இத்தொகை நடப்புப் பில்லிலிருந்து பிடித்தம் செய்யப்படும்.
>
> மூன்றாம் பில்லின் தாமதம் குறித்த தங்கள் கோரிக்கைக்கு ஆதாரங்களை 14 நாளில் அனுப்பினால் பரிசீலிக்கப்படும். மீதிப் பணியை நாங்கள் ஏற்பது, தாமதத்துக்கான இழப்பீட்டையோ ஒப்பந்தத்தின் கீழ் உள்ள மற்ற உரிமைகளையோ விட்டுக்கொடுத்ததாகாது."

கடைசி வாக்கியத்தை யாரும் வெட்ட வேண்டாம். நம் ஒப்பந்தத்தில் காலமே முக்கியம் என்று எழுதியிருக்கிறோம். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில், தாமதமான வேலையை ஏற்றுக்கொள்ளும்போதே இழப்பீடு கேட்கப் போகிறேன் என்று அறிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. மேல்மாடிக்கு நேரம் இருக்கிறது. என் கவலை கீழ்த்தளம்தான். சித்தப்பா, டிசம்பர் 12 அன்று சாவி வாங்கும்போது ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா?

செயலாளர் எழுதியது:

தம்பி, ஒரு ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதில் என்ன எழுதினேன் என்று ஞாபகம் இல்லை. நகல் ஊரில் பீரோவில் இருக்கிறது. பேரனை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

செயலாளர் எழுதியது (மறுநாள்):

படம் வந்துவிட்டது, இணைத்திருக்கிறேன். என் கையெழுத்தேதான்: "கீழ்த்தளச் சாவி பெற்றுக்கொண்டேன். மேல்மாடி பாக்கி. தாமதக் கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம்."

கதிரவன் எழுதியது:

கணக்கு என்றே எழுதியிருக்கிறீர்கள்! போதும், அறிவிப்பு ஆகிவிட்டது.

தங்கராசு எழுதியது:

பேசிக்கொள்ளலாம் என்றுதான் எழுதியிருக்கிறார். நான் சொன்னதும் அதைத்தான்.

இளங்கோ எழுதியது:

இரண்டு பக்கத்து வக்கீலும் இந்த ஒரே வரியைத்தான் வாசிப்பார்கள். சித்தப்பா, அசல் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், நகலைப் பத்திரமாக வையுங்கள். வரைவில் ஒரு வரி சேர்க்கிறேன்: "12.12.2024 ரசீதில் தாமதக் கணக்கு குறித்து எங்கள் உரிமை பதிவு செய்யப்பட்டுள்ளது." திங்கட்கிழமை தபாலில் போகட்டும். தங்கராசு மாமா, அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை நீங்களே அவருக்குப் போன் போட்டு, இப்படி ஒன்று வருகிறது என்று சொல்லிவிடுங்கள்.